நீண்ட இறக்கையும் குறைந்த இழுவையும்

கடந்த விடுமுறையில் தம்பி ரெஜிபோம் தாளில் கிளைடர் செய்யக் கேட்டான். இரண்டு செய்தோம். இரண்டின் இறக்கைக்கும் பரப்பளவு 300 சதுர சென்ரிமீற்றர்தான். ஒன்று 30 சென்ரிமீற்றர் நீளமும் 10 அகலமும் கொண்டது. மற்றது 60 நீளம், 5 அகலம். நிறை சமமாகும்படி மூக்கில் களிமண் ஒட்டி, மேல்மாடியிலிருந்து மாறி மாறி விட்டோம். நீண்ட இறக்கை உள்ளதே பெரும்பாலும் தூரம் போனது. “ரெண்டும் ஒரே அளவு தாள்தானே, ராத்தா?” என்று தம்பி கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன். உயர்தரப் பௌதிகவியலில் உந்தமும் இயக்கப்பாட்டுச் சக்தியும் படித்தவர்களுக்கு இது போதும்.

இறக்கை வளியைக் கீழே தள்ளுகிறது; அதற்கு எதிர்த்தாக்கமாக வளி இறக்கையை மேலே தள்ளுகிறது. இந்த மேல்நோக்கிய விசையே உயர்த்துவிசை. மட்டமாகப் பறக்கும் விமானத்தில் அது நிறைக்குச் சமம். அப்படியானால் ஒவ்வொரு செக்கனும் வளிக்குக் கொடுக்கப்படும் கீழ்நோக்கிய உந்தமும் நிறைக்குச் சமமாக இருக்க வேண்டும். இந்த உந்தத்தை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். கொஞ்ச வளியைப் பிடித்து வேகமாகத் தள்ளலாம். அல்லது நிறைய வளியைப் பிடித்து மெதுவாகத் தள்ளலாம். உந்தம் இரண்டிலும் ஒன்றே. சக்தி மட்டும் ஒன்றல்ல. உந்தம் வேகத்தோடு நேராக வளர்கிறது. இயக்கப்பாட்டுச் சக்தியோ வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. ஆகவே கொஞ்ச வளியை வேகமாகத் தள்ளுபவருக்குச் செலவு அதிகம். அந்தச் சக்தி விமானத்தின் முன்னோக்கிய இயக்கத்திலிருந்துதான் போகிறது. அதுவே ‘தூண்டிய இழுவை’. உராய்வு சிறிதும் இல்லாத வளியிலும் இது இருக்கும்.

ஓர் இறக்கை எவ்வளவு வளியைப் பிடிக்கிறது? இங்கேதான் நான் முதலில் பிழைவிட்டேன். இறக்கையின் பரப்பளவுதான் அதைத் தீர்மானிக்கும் என்று நினைத்தேன். உண்மையில் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரையான நீளமே தீர்மானிக்கிறது. உயர்த்துவிசை இறக்கை நெடுகிலும் நீள்வட்ட வடிவில் பரவியிருக்கும் மிகச் சிறந்த நிலையில், அந்த நீளத்தை விட்டமாகக் கொண்ட ஒரு வட்டக் குழாய்க்குள் உள்ள வளி முழுவதையும் இறக்கை கீழே தள்ளுவதாகக் கணக்கிடலாம். உண்மையில் அப்படி ஒரு குழாய் வானத்தில் இல்லை. ஆனால் அதை வைத்துப் பெறும் விடை சரியானதே.

ஓர் உண்மையான கிளைடரை எடுப்போம். ஜேர்மனியில் தயாரிக்கப்படும் ஏ.எஸ்.கே. 21 என்பது இருவர் அமரும் பயிற்சிக் கிளைடர். இறக்கை நீளம் 17 மீற்றர், பரப்பளவு 17.95 சதுர மீற்றர், கூடிய திணிவு 600 கிலோகிராம். நிறை ஏறத்தாழ 5900 நியூட்டன். அது மணித்தியாலத்துக்கு 90 கிலோமீற்றரில், அதாவது செக்கனுக்கு 25 மீற்றரில் பறக்கட்டும். 17 மீற்றர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 227 சதுர மீற்றர். அதை 25 ஆலும் வளியின் அடர்த்தி 1.225 ஆலும் பெருக்கினால், செக்கனுக்கு ஏறத்தாழ 6950 கிலோகிராம் வளி. ஒவ்வொரு செக்கனும் ஏழு தொன் வளி! நிறையை இதனால் வகுத்தால், வளி கீழ்நோக்கிப் பெறும் வேகம் செக்கனுக்கு 0.85 மீற்றர் மட்டுமே. வளி பெறும் இயக்கப்பாட்டுச் சக்தி செக்கனுக்கு ஏறத்தாழ 2500 யூல். இந்த வலுவை 25 ஆல் வகுத்தால் தூண்டிய இழுவை 100 நியூட்டன்.

இப்போது அதே பரப்பளவை வைத்துக்கொண்டு நீளத்தைப் பாதியாக்கி, அகலத்தை இரட்டிப்போம். வட்டத்தின் பரப்பு காற்பங்காகிறது. பிடிபடும் வளியும் காற்பங்கு. அதே உந்தத்துக்கு அதை நான்கு மடங்கு வேகமாகத் தள்ள வேண்டும். தூண்டிய இழுவை 400 நியூட்டனாகிறது. இந்தக் கிளைடர் நன்றாகச் சறுக்கும்போது ஒரு கிலோமீற்றர் உயரத்தை இழந்து ஏறத்தாழ 34 கிலோமீற்றர் போகும். அதாவது மொத்த இழுவை நிறையின் முப்பத்து நான்கில் ஒரு பங்கு. ஏறத்தாழ 173 நியூட்டன். அதில் 100 தூண்டிய இழுவை, மிச்சம் 73 உராய்வும் வடிவமும் தருவது. குட்டை இறக்கையில் மொத்தம் 473 ஆகிவிடும். அப்போது ஒரு கிலோமீற்றர் உயரத்திலிருந்து 12 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டியே போகும்.

இந்தக் கணக்கைச் சுருக்கினால் வரும் சூத்திரம்:

Di = 2L² / (πρV²b²)

L உயர்த்துவிசை, ρ அடர்த்தி, V வேகம், b இறக்கை நீளம். இதில் பரப்பளவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘நீள அகல விகிதம்’ என்பது நீளத்தின் வர்க்கத்தைப் பரப்பளவால் வகுப்பது. ஏ.எஸ்.கே. 21இற்கு அது 16.1. பரப்பளவு மாறாதபோது இந்த விகிதம் கூடினால் நீளம் கூடுகிறது, அதனால் இழுவை குறைகிறது. ஆனால் நீளத்தை மாற்றாமல் அகலத்தை மட்டும் ஒடுக்கினாலும் விகிதம் கூடும். அப்போது அதே நிறையில், அதே வேகத்தில் தூண்டிய இழுவை ஒரு நியூட்டனும் குறையாது. புத்தகங்களில் விகிதத்தை மட்டும் பார்த்து மனனம் செய்தால் இது தப்பிவிடும்.

பலர் இந்த இழுவையை நுனிச் சுழிப்புகளின் வேலை என்று மட்டும் விளக்குவார்கள். இறக்கையின் கீழே அமுக்கம் கூட, மேலே குறைவு. எனவே நுனியைச் சுற்றி வளி மேலேறிச் சுழலும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுழற்சி இறக்கையின் பின்விளிம்பு முழுவதிலிருந்தும் பிரிந்து, பிறகுதான் இரு நுனிகளின் பின்னால் இரண்டு சுழல்களாகச் சுருள்கிறது. அதன் விளைவாக இறக்கை இருக்கும் இடத்திலேயே வளி கீழே இறங்குகிறது. அந்த வேகம் பின்னால் முடிவில் இருக்கும் வேகத்தின் பாதி. எங்கள் கிளைடரில் செக்கனுக்கு 0.42 மீற்றர். 25 மீற்றர் முன்னோக்கிய வேகத்தோடு சேர்த்துப் பார்த்தால் வளி ஏறத்தாழ ஒரு பாகை கீழ்நோக்கி வருகிறது. உயர்த்துவிசையும் அந்த ஒரு பாகை பின்னே சாய்கிறது. 5900 நியூட்டன் ஒரு பாகை சாய்ந்தால் பின்னோக்கிய கூறு எவ்வளவு? மறுபடியும் 100 நியூட்டன். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தபோதுதான் எனக்கு இது விளங்கியது.

நுனியில் மேல்நோக்கி வளைந்த சிறு தகடுகளை விமானங்களில் கண்டிருப்பீர்கள். அவை இந்த இழுவையைக் குறைக்கும், இல்லாமற் செய்யா. உயர்த்துவிசை இருக்கும் வரை வளி கீழே தள்ளப்பட்டே ஆக வேண்டும்.

வேகத்தின் வர்க்கம் சூத்திரத்தின் கீழே இருப்பதால், இரு மடங்கு வேகத்தில் தூண்டிய இழுவை 25 நியூட்டனாகிவிடும். ஆனால் உராய்வு இழுவை கூடிவிடும். அதனால்தான் மெதுவாக, நெடுநேரம் பறக்கும் கிளைடர்களும் அல்பற்றோஸ் பறவையும் நீண்டு ஒடுங்கிய இறக்கை கொண்டவை. வேகமான போர் விமானங்களுக்குக் குட்டை இறக்கை போதும்.

அப்படியானால் இன்னும் நீட்டலாமே? ஜேர்மனியின் ‘ஈற்றா’ கிளைடர் நீட்டியது. 30.9 மீற்றர் நீளம். ஆனால் பரப்பளவு 18.6 சதுர மீற்றர்தான், எங்கள் பயிற்சிக் கிளைடரை விடச் சற்றே கூட. சராசரி அகலம் 60 சென்ரிமீற்றர், நீள அகல விகிதம் 51. ஆனால் நீளம் கூடக்கூட இறக்கையின் அடியில் வளைக்கும் திருப்பமும் கூடுகிறது. அகலம் ஒடுங்குவதால் தடிப்பும் குறைந்து, வளைவைத் தாங்கும் சட்டத்துக்கு இடமில்லாமற் போகிறது. அதைப் பலப்படுத்த நிறை கூடும். நிறையின் வர்க்கத்தோடு தூண்டிய இழுவையும் கூடும். பயணிகள் விமானங்களுக்கு வேறொரு எல்லையும் உண்டு. பெரிய விமான நிலையங்களில் ஒரு விமானத்துக்கு ஒதுக்கும் இடம் 80 மீற்றர். ஏ380 அதற்குள் 79.8 மீற்றரோடு நின்றது. போயிங் 777எக்ஸ் வானில் 71.8 மீற்றர் இறக்கையோடு பறந்து, தரையில் நுனிகளை மடித்து 64.8 மீற்றராகச் சுருங்குகிறது.

எங்கள் ரெஜிபோம் கிளைடரிலும் இதைக் கண்டோம். நீண்ட இறக்கை பறக்கும்போது வில்லாக மேலே வளைந்தது. இவ்வளவு சிறிய, மெதுவான மாதிரியில் ஒடுங்கிய இறக்கைக்கு உராய்வும் சற்று அதிகம். அதனால் தூரம் ஏ.எஸ்.கே. 21இன் கணக்கைப் போல மூன்று மடங்கு கூடவில்லை. தம்பி அடுத்ததாக 90 சென்ரிமீற்றரில் ஒன்று வெட்டினான். அது கையை விட்டதும் நடுவில் முறிந்தது.