மறுக்கத் தெரிந்த வாசகம்

தமக்கென ஒரு குறிக்கோள் வாசகம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'நேர்மையாக வாழ்வேன், பிறருக்குப் பயன்படுவேன்' என்றே எழுதிவைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த வாய்ப்பையும் மறுக்க முடியாது. மேடைப் பேச்சும் சங்கப் பதவியும் நண்பர் தொடங்கும் புதுத் தொழிலும் பிறருக்குப் பயன்படக்கூடியவையே. நல்ல வாய்ப்புகளிலும் சிலவற்றைத் தள்ளிவிடும் அளவுக்குக் குறுகலாக இருந்தால்தான் அந்த வாசகத்துக்கு வேலை உண்டு என்பது என் உறுதியான கருத்து.

கணினி அறிஞர் டொனால்ட் கனூத் இதற்கு நல்ல சான்று. கணினி நிரல்கலை பற்றிய பெருநூலை அவர் 1962இல் எழுதத் தொடங்கினார். முதல் மூன்று தொகுதிகள் 1973க்குள் வெளிவந்தன. 1990 ஜனவரி 1 முதல் மின்னஞ்சலையே விட்டுவிட்டார். உடனுக்குடன் எல்லாவற்றையும் அறிந்திருப்பது தன் வேலை இல்லை, ஒன்றை அடிவரை ஆராய்ந்து எழுதுவதே தன் வேலை என்பது அவர் சொன்ன காரணம். அப்படித் தெளிவாக வகுத்துக்கொண்டதால், உலகமே ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டிருந்த ஒரு வசதியை அவரால் மறுக்க முடிந்தது.

ஓர் அரசுப் பள்ளிக் கணித ஆசிரியை, 'தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் தாமே படித்துப் புரிந்துகொள்ளும் வடிவியல் நூலை எழுதி முடிப்பேன்' என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொலைக்காட்சி விவாதத்துக்கு அழைப்பு வருகிறது. முடிந்தபின் நூலுக்கென்று அவர் கையில் எதுவும் மிஞ்சாது. வார இறுதியில் பின்தங்கிய மாணவர்களுக்கு வகுப்பெடுக்கச் சொல்கிறார்கள். பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பது தெரியும், அது நேரே நூலுக்குள் போகும். 'முடிந்தபின் கையில் என்ன இருக்கும்?' என்ற கேள்விக்கு 'பேர் வரும், நாலு பேர் அறிமுகம் கிடைக்கும்' என்பதற்கு மேல் பதில் இல்லையென்றால், அந்த வாய்ப்பு எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. வாசகத்தையும் இப்படியே சோதிக்கலாம். கடந்த ஓராண்டில் ஒப்புக்கொண்டவற்றில் ஒன்றையாவது அது தடுத்திருக்குமா? தடுத்திருக்காது என்றால் திருத்தி எழுத வேண்டும்.

எதிர்பாராத திருப்பங்களை இது அடைத்துவிடாதா என்று கேட்கலாம். கனூத்தே 1977இல் தன் நூலின் அச்சுப்படி அழகாக வரவில்லை என்று டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கப் போனார். அது ஏறத்தாழ பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டது. ஆனால் அதுவும் அந்த நூலுக்காகவே தொடங்கிய வேலை. அதற்கு விலையும் இருந்தது: நான்காம் தொகுதியின் முதல் பகுதி 2011இல்தான் வந்தது. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவர் வாய்ப்பைத் தள்ள முடியுமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. வருமானத்துக்கான வேலையை இந்த வாசகத்தால் அளக்கவே கூடாது. எவ்வளவு பணம், எத்தனை மணி நேரம் என்று தனியாக முடிவுசெய்துகொள்ள வேண்டும். பணமும் தராமல், உங்கள் வேலைக்கும் உதவாமல், பெருமை மட்டும் தரும் அழைப்புகளுக்குத் தயங்காமல் மறுப்பு சொல்லுங்கள்.