18 நாளில் பணம் அழியாது

நம்பிக்கை: எத்தீரியத்தில் பிளாப்கள் 18 நாளில் அழிந்துவிடும், ரோலப்பில் போட்ட பணமும் அத்தோடு போய்விடும்.

உண்மை: முதல் பாதி சரி. இரண்டாவது பாதி முழுப் பொய். இதைத் திரும்பத் திரும்பப் பரப்புகிறவர்கள், பிளாப் எதற்காக வந்தது என்பதை ஒரு முறையாவது படித்திருக்க வேண்டும்.

ஒற்றைச் சங்கிலியில் ஒவ்வொரு நோடும் எல்லாப் பரிவர்த்தனைகளையும் தானே செய்து சரிபார்க்கிறது. அதனால் ஒரு சாதாரணக் கணினி தாங்கும் அளவுதான் அந்தச் சங்கிலியின் அளவு. ரோலப்கள் கணக்கை வெளியே போட்டுவிட்டு, பரிவர்த்தனைகளைச் சுருக்கி எத்தீரியத்தில் வெளியிடுகின்றன. கூடவே, எல்லோருடைய இருப்புக்கும் சேர்த்து ஒரு ஹாஷையும் பதிகின்றன. 2024 மார்ச் 13 முதல் அந்தச் சுருக்கம் 128 கிலோபைட் பிளாப்களில் போகிறது.

ரோலப்பை நடத்துபவர் திருடுகிறார் என்று வையுங்கள். உங்களுடைய 2 ஈதரைத் தன் கணக்குக்கு மாற்றி, புதிய ஹாஷைப் பதிகிறார். ஆப்டிமிஸ்டிக் ரோலப்பில் இதை எதிர்க்க வழக்கமாக 7 நாள் அவகாசம் உண்டு. ஆனால் எந்தப் பரிவர்த்தனை பொய் என்று காட்டப் பரிவர்த்தனைகள் கையில் இருக்க வேண்டும். அவர் ஹாஷை மட்டும் போட்டுத் தரவை மறைத்தால், ஊரே சந்தேகப்பட்டாலும் யாராலும் நிரூபிக்க முடியாது. பிளாப் தடுப்பது இந்தத் திருட்டைத்தான். நிலம் வாங்குமுன் நாளிதழில் கொடுக்கும் பொது அறிவிப்பு போன்றது அது: ஆட்சேபிக்க வேண்டியவர் பார்க்கும் காலத்தில் கண்ணில் பட வேண்டும், அவ்வளவே. 7 நாள் அவகாசத்துக்கு 18 நாள் தாராளம்.

உங்கள் இருப்பு பிளாப்பில் இல்லை. பிளாப்பைப் படித்துக் கணக்குப் போட்ட ரோலப் நோடுகளிடம் இருக்கிறது. பிளாப் போன பிறகும் அதன் ஹாஷ் சங்கிலியில் நிற்கிறது. பழைய நகலை யார் கொண்டுவந்தாலும் அதோடு ஒப்பிட்டு அசலா என்று சொல்லிவிடலாம்.

நம்பிக்கை: தரவு வெளியானதா என்று அறிய முழுவதையும் இறக்கித்தான் ஆக வேண்டும், ஆகவே ரோலப் முறையும் ஒரு சாதாரணக் கணினி தாங்கும் பழைய வரம்பிலேயே முட்டி நிற்கும்.

உண்மை: இல்லை. 5, 8 என்ற இரண்டு எண்களை ஒரு நேர்கோட்டின் முதல் இரண்டு புள்ளிகளாக வைத்து, கோட்டை நீட்டுங்கள்: 11, 14 கிடைக்கும். இந்த நான்கில் எந்த இரண்டு மிஞ்சினாலும் மற்றவற்றை மீட்கலாம். பிளாப்பையும் இப்படித்தான் இரட்டிப்பாக நீட்டுகிறார்கள். 2025 டிசம்பரில் ஃபுசாகா மேம்படுத்தலில் வந்த பியர்டாஸ் முறையில், நீட்டிய தரவு 128 நெடுவரிசைகளாகப் பிரிகிறது. எந்த 64 கிடைத்தாலும் முழுவதும் திரும்பிவிடும். எனவே மறைக்க நினைப்பவர் பாதிக்கு மேல் மறைத்தாக வேண்டும். அப்போது 8 நெடுவரிசைகளைக் குலுக்கலில் தேர்ந்து கேட்கும் ஒரு நோடு ஏமாற, அந்த எட்டுமே மறைக்காதவையாக அமைய வேண்டும். அதற்கான வாய்ப்பு 256ல் ஒன்றுக்கும் குறைவு. ஆயிரக்கணக்கான நோடுகள் தனித்தனியே கேட்கும்போது ஏறக்குறைய எல்லாமே மறைப்பைக் கண்டுகொள்ளும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மாதிரி கேட்கும் நோடுகள் போதிய அளவில் இருக்க வேண்டும். கேட்பவர் ஓரிருவர் என்றால், அவர்கள் கேட்ட துண்டை மட்டும் கொடுத்து ஏமாற்றிவிடலாம்.

நம்பிக்கை: ஷார்டிங் என்றால் எத்தீரியம் 64 சங்கிலிகளாக உடையும்.

உண்மை: அது கைவிட்ட பழைய திட்டம். இப்போது பகிர்ந்து சுமப்பது தரவை மட்டும்.

நம்பிக்கை: ஜீரோ நாலெட்ஜ் ரோலப்புக்குத் தரவே வேண்டாம்.

உண்மை: கணக்கு சரி என்பதைத்தான் அந்தச் சான்று காட்டும். தரவை மறைத்துவிட்டால் உங்கள் இருப்பை நீங்கள் காட்டவே முடியாது. பணம் உள்ளேயே முடங்கும்.

கவலைப்படுகிறவர்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. 18 நாளுக்குப் பின் நகலை வைத்திருக்க எத்தீரியம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ரோலப்பின் எல்லா நோடும் ஒரே நிறுவனத்திடம் இருந்து, அது மூடிவிட்டால், இருப்புக் கணக்கை மீட்டெடுப்பது உண்மையாகவே சிக்கலாகும். ஆகவே வெளியாள் இயக்கும் முழு நோடு இருக்கிறதா, பழைய பிளாப்களின் நகல் யாரிடம் இருக்கிறது என்று உங்கள் ரோலப்பிடம் கேளுங்கள். முடிந்தவர்கள் நீங்களே ஒன்றை இயக்குங்கள். தரவை எத்தீரியத்தில் போடாமல் ஒரு சிறு குழுவிடம் ஒப்படைக்கும் ஆர்பிட்ரம் நோவா போன்ற சங்கிலிகளும் உண்டு. அங்கே நீங்கள் அந்தக் குழுவை நம்புகிறீர்கள். எது எந்த வகை என்பதை L2BEAT தளம் ஒவ்வொரு சங்கிலிக்கும் தனித்தனியே காட்டுகிறது. பணம் போடுமுன் அதைப் பாருங்கள்.