தீபாவளி அறிவிப்பு: நாட்டுக்கு ஒரு தேதி, நாட்டுக்கு ஒரு விலை

2024 தீபாவளிக்கு வெளிநாட்டுத் தமிழ் வாடிக்கையாளர் எல்லோருக்கும் நாங்கள் ஒரே அறிவிப்பை அனுப்பினோம். ‘பலகாரப் பெட்டி 30 டாலர். ஆர்டர் கொடுக்கக் கடைசி நாள் 09/10’ என்று போட்டிருந்தோம். நாங்கள் எண்ணியது அமெரிக்க டாலர். டொரண்டோ வாடிக்கையாளர்கள் கனடிய டாலராக அனுப்பிவிட்டார்கள். பெட்டிக்குக் கால் பங்குக்கு மேல் எங்களுக்கு நஷ்டம். மாதத்தை முதலில் எழுதும் பழக்கம் கனடாவிலும் உண்டு என்பதால், சிலர் தேதியைச் செப்டம்பர் 10 என்று படித்து, நாள் கடந்துவிட்டதென ஆர்டரே கொடுக்கவில்லை.

மறு வருடம் நாட்டுக்கு ஒரு அறிவிப்பு எழுதினோம். தேதியைப் பண்டிகையிலிருந்து பின்னோக்கி எண்ணினோம். 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. சனி, ஞாயிறு பட்டுவாடா இராது என்று வைத்து, 17ஆம் தேதி வெள்ளிக்குள் சரக்கு சேர வேண்டும் என முடிவு செய்தோம்.

கனடாவுக்கு எங்கள் கூரியர்காரர் சொன்னது 7 வேலை நாள். அங்கே அக்டோபர் 13 நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை. அதையும் சனி, ஞாயிறையும் கழித்தால், 7ஆம் தேதியே கூரியரில் சேர்த்தாக வேண்டும். பெட்டி கட்ட எங்களுக்கு 2 வேலை நாள். நடுவில் ஒரு ஞாயிறு. ஆகவே ஆர்டர் முடியும் நாள் அக்டோபர் 3. ஆயுத பூஜையும் விஜயதசமியும் அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் வந்ததால், பெட்டி கட்டும் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தோம்.

சிங்கப்பூருக்கு 4 வேலை நாள் போதும். அதே கணக்கில் 13ஆம் தேதி அனுப்பலாம். ஆர்டர் முடியும் நாள் அக்டோபர் 9. கனடாவின் தேதியையே இவர்களுக்கும் போட்டிருந்தால் 6 நாள் வியாபாரத்தை நாமே விட்டிருப்போம்.

விலைக்குப் பத்திரிகையில் வரும் மாற்று விகிதம் உதவாது. நம் பணத்தை வங்கி எடுத்துக்கொள்ளும் விகிதம் அதைவிடக் குறைவு. சிங்கப்பூருக்குக் கூரியர் கட்டணம் உட்பட பெட்டி 1,800 ரூபாய், வங்கி தருவது ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 27.69 வருகிறது. இடையில் விகிதம் இறங்கினால் தாங்க 3 சதவீதம் சேர்த்து, முழு எண்ணாக்கினால் 29 வெள்ளி. கனடாவுக்குக் கூரியர் கட்டணம் வேறு. அதைத் தனியாகப் போட வேண்டும்.

அறிவிப்பில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். நாணயத்தோடு நாட்டின் பெயரையும் சேருங்கள். வெள்ளி என்று மட்டும் போட்டால் மலேசியரும் தம் நாட்டுப் பணம் என்றே எண்ணுவர். எங்கள் வாசகம் இது:

‘சிங்கப்பூர் அன்பர்களுக்கு: பெட்டி 29 சிங்கப்பூர் வெள்ளி, கூரியர் கட்டணம் உட்பட. ஆர்டர் கொடுக்கக் கடைசி நாள் அக்டோபர் 9, வியாழன், சிங்கப்பூர் நேரம் மாலை 6 மணி. அக்டோபர் 17க்குள் வந்து சேரும்படி அனுப்புகிறோம். இவ்விலை அன்று வரை மட்டும்.’

‘அன்று வரை’ என்பது 9ஆ, 17ஆ என்று ஒருவர் கேட்டார். இனி அங்கும் தேதியையே போடுவோம்.