திடலுக்கு வேலியும் சமன்படுத்தலும்: செலவைக் கணக்கிடும் முறை

ஒரு தோட்டத்தில் பிள்ளைகள் பந்து விளையாடும் திடல் இருக்கிறது எனக் கொள்வோம். அதைச் சுற்றிக் கம்பி வேலி அமைத்து, மேடு பள்ளங்களை நிரவித் தருவதற்குத் தொழிலாளர் தம்முள் பணம் திரட்டுகின்றனர். குத்தகையாளர் ஒருவர் வந்து பார்த்து, வேலிக்கு மீட்டருக்கு 12 வெள்ளி, நிரவுவதற்குச் சதுர மீட்டருக்கு 1 வெள்ளி 50 காசு எனக் கூறுகிறார். இவ்விலைகள் கணக்கிற்காக நாம் வைத்துக்கொண்டவையே. ஊருக்கு ஊர் அவை மாறும். திடலின் நெடும்பக்கங்கள் இரண்டும் 90 மீட்டர். குறும்பக்கங்கள் இரண்டும் 60 மீட்டர். குத்தகையாளர் எழுதிக் கொடுத்த சீட்டில் வேலிக்கு 3,600 வெள்ளி, நிரவுவதற்கு 8,100 வெள்ளி, ஆக மொத்தம் 11,700 வெள்ளி என்று காணப்படுகிறது. வாயிற்கதவுக்குத் தனி விலை. இச்சீட்டு சரிதானா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

இத்தகைய சீட்டைச் சோதிக்க எளிய வழி, கேட்ட தொகையை விலையால் வகுத்துப் பார்ப்பதாகும். 3,600-ஐ 12-ஆல் வகுத்தால் 300 வருகிறது. அதாவது, 300 மீட்டர் நீள வேலிக்கு அவர் பணம் கேட்கிறார். திடலின் நான்கு பக்கங்களையும் கூட்டினால், 90, 60, 90, 60 ஆக 300 மீட்டர். இதுவே சுற்றளவு. ஆனால் வாயிலுக்காக 4 மீட்டர் இடம் விடப்படுமாயின், அவ்விடத்தில் வேலி இல்லை. கதவுக்குத் தனி விலை பேசிய பின்னர், அதே 4 மீட்டருக்கு வேலிக் கூலியும் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே, வேலியின் நீளம் 296 மீட்டர். செலவு 3,552 வெள்ளி. வேறுபாடு 48 வெள்ளிதான்.

ஈண்டு ஒன்றைக் கேட்டுத் தெளிதல் நன்று. மீட்டருக்கு 12 வெள்ளி என்பது கால்கள், கம்பி, கூலி அனைத்தும் சேர்ந்த விலையா, அன்றிக் கம்பிக்கு மட்டுமா? முள்கம்பியை நான்கு வரிசையாகக் கட்டினால், 296 மீட்டர் வேலிக்கு 1,184 மீட்டர் கம்பி தேவைப்படும். முழு வேலிக்குப் பேசிய விலையை இந்த 1,184-ஆல் பெருக்கினால் செலவு நான்கு மடங்காகிவிடும்.

இனி நிரவும் செலவைப் பார்ப்போம். 8,100-ஐ 1.50-ஆல் வகுத்தால் 5,400 வருகிறது. 90-ஐ 60-ஆல் பெருக்கினாலும் 5,400 தான். கணக்கில் பிழையில்லை என்று பலரும் இவ்விடத்தில் சீட்டை மடித்து வைத்துவிடுவர். ஆனால் நீளத்தை அகலத்தால் பெருக்கிப் பரப்பளவு காண்பது, நான்கு மூலைகளும் செங்கோணமாக உள்ள நிலத்திற்கே பொருந்தும். தோட்டத்து நிலங்கள் பெரும்பாலும் சாலையையோ, வடிகாலையோ, மரவரிசையையோ ஒட்டி அமைந்தவை. சாலை சாய்வாகச் சென்றால் திடலும் சாய்வாகவே அமையும்.

இதைக் கண்டறியப் பெரிய கருவி எதுவும் வேண்டா. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளவுநாடாவைப் பிடித்து அளக்க வேண்டும். பிறகு மற்ற இரு மூலைகளுக்கு இடையேயும் அவ்வாறே அளக்க வேண்டும். இவை மூலைவிட்டங்கள் எனப்படும். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து, இரு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால், நிலம் செவ்வகமே. 90-க்கு 60 மீட்டர் செவ்வகமாயின், ஒவ்வொரு மூலைவிட்டமும் ஏறத்தாழ 108 மீட்டர் இருத்தல் வேண்டும். நம் திடலிலோ ஒன்று ஏறத்தாழ 125 மீட்டரும், மற்றொன்று 88 மீட்டரும் இருக்கின்றன. எனவே, திடல் ஒரு பக்கமாகச் சாய்ந்த வடிவுடையது. கணக்கு நூல்கள் இதனை இணைகரம் என்னும்.

ஒரு தீப்பெட்டியின் மேலுறையைக் கையில் எடுத்து, அதன் திறந்த வாயைப் பாருங்கள். உறையைச் சற்றே பக்கவாட்டில் அழுத்தினால், வாயின் நான்கு விளிம்புகளின் நீளமும் மாறுவதில்லை; ஆனால் உள்ளே உள்ள இடம் சுருங்குகிறது. முற்றிலும் அழுத்திவிட்டால் இடமே இல்லாமற் போகிறது. வேலி விளிம்பைப் பின்பற்றிச் செல்வது. ஆதலால் திடல் சாய்ந்தாலும் வேலிச் செலவு மாறாது. நிரவுதல் உள்ளிருக்கும் இடத்தைப் பொறுத்தது. அதன் செலவு குறைந்தே ஆக வேண்டும்.

எவ்வளவு குறையும் என்பதை அறிய, சாய்ந்த குறும்பக்கத்தை விட்டுவிட்டு, இரு நெடும்பக்கங்களுக்கும் இடையே உள்ள நேர் அகலத்தை அளக்க வேண்டும். 12 மீட்டர் கயிறு ஒன்றின் இரு முனைகளையும் சேர்த்துக் கட்டி, 3 மீட்டர், 4 மீட்டர், 5 மீட்டர் என மூன்று பகுதிகளாகக் குறியிடுக. மூன்று பேர் குறிகளில் பிடித்து இழுத்தால் முக்கோணம் அமையும். 4 மீட்டர்ப் பகுதியை நெடும்பக்கத்தின் நடுப்பகுதியில் பொருந்த வைத்தால், 3 மீட்டர்ப் பகுதி அதற்குச் செங்கோணமாகத் திடலுக்குள் நீண்டு நிற்கும். அந்த நேர்க்கோட்டிலேயே கம்புகளை நட்டு, ஒன்றன் பின் ஒன்று மறையுமாறு பார்த்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் வரை சென்று அளக்க வேண்டும். இரண்டு மூன்று இடங்களில் அளந்து, ஒரே அளவு வருகிறதா என்றும் காண்க. நாடா தொய்ந்தாலும், புல்மேட்டின் மீது ஏறி இறங்கினாலும் அளவு கூடுதலாகக் காட்டும். அதனை மட்டமாகப் பிடித்தல் அவசியம்.

நம் திடலில் நேர் அகலம் 56 மீட்டர். 90-ஐ 56-ஆல் பெருக்க, பரப்பளவு 5,040 சதுர மீட்டர். அதற்கான செலவு 7,560 வெள்ளி. குத்தகையாளர் கேட்டது 8,100. இல்லாத 360 சதுர மீட்டருக்கு அவர் 540 வெள்ளி கேட்டிருக்கிறார். அவர் ஏமாற்ற எண்ணினார் என்று கொள்ள வேண்டியதில்லை. பக்கங்களை மட்டும் அளந்து பெருக்குவது பரவலான வழக்கம். வாயிலுக்குரிய 48 வெள்ளியையும் சேர்த்தால் 588 வெள்ளி மிஞ்சும். அது 49 மீட்டர் வேலிக்கு ஆகும் பணம்!

எதிர்ப்பக்கங்கள் சமமாக இல்லாத திடலும் உண்டு. அப்பொழுது ஒரு மூலைவிட்டத்தை அளந்து, மற்ற இரு மூலைகளிலிருந்தும் அதற்கு நேராக உள்ள தூரங்களை மேற்சொன்ன கயிற்றால் கண்டு, அவ்விரண்டையும் கூட்டி, மூலைவிட்டத்தால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். நம் திடலிலேயே இதைச் செய்து பார்க்கலாம். 88 மீட்டர் மூலைவிட்டத்திற்கு இருபுறமும் தூரம் 57 மீட்டர் வீதம் 114. 88-ஐ 114-ஆல் பெருக்கிப் பாதியாக்க 5,016 வருகிறது. முன்னர்க் கண்ட 5,040-க்கும் இதற்கும் உள்ள சிறு வேறுபாடு, காசளவை விட்டு முழு மீட்டராக எழுதுவது போல், மூலைவிட்டத்தின் சென்டிமீட்டர்களை விட்டதால் நேர்ந்தது.

சிலர் விலையைச் சதுர அடியில் கூறுவர். ஒரு மீட்டர் ஏறத்தாழ 3.28 அடி, ஆனால் ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி. ஆகையால், சதுர மீட்டருக்கு 1 வெள்ளி 50 காசு என்பது சதுர அடிக்குச் சுமார் 14 காசு. 1.50-ஐ 3.28-ஆல் வகுத்துச் சதுர அடிக்கு 46 காசு என்று ஒப்புக்கொண்டால், செலவு மும்மடங்கிற்கும் மேலாகிவிடும்.

சதுர மீட்டர் விலை, மேற்பரப்பைச் சீவி நிரவுவதற்கே உரியது. பள்ளத்தை மண் கொட்டி நிரப்ப வேண்டுமாயின், அது கன மீட்டர்க் கணக்கு. 5,040 சதுர மீட்டர் திடல் முழுவதையும் 10 சென்டிமீட்டர் உயர்த்த 504 கன மீட்டர் மண் வேண்டும். கொட்டிய மண் இறுகும்போது தாழும் என்பதால், லாரியில் வருவது இதனினும் கூடுதலாகவே இருக்கும். மண்ணின் விலை யாரைச் சேர்ந்தது என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிய பின்னர்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.