நம்பிக்கைகளும் உண்மைகளும்: மெய்யரா, மியோவா?

பிரெஞ்சு படிக்கும் நம் மாணவர்கள் பெரும்பாலோரிடம் ஒரு விதி மனப்பாடமாக இருக்கும். ‘போன்’ என்றால் நல்ல, அது பெயரடை. ‘பியேன்’ என்றால் நன்றாக, அது வினையடை. ஒன்றைவிட ஒன்று மேல் என்று சொல்லும்போது போன் ‘மெய்யர்’ ஆகும், பியேன் ‘மியோ’ ஆகும். இதுவரை சரி. இதோடு இன்னொரு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது: பெயர்ச்சொல்லோடும், ‘இரு’ என்று பொருள்தரும் ‘ஏத்ர்’ வினையோடும் எப்போதும் மெய்யர், மற்ற வினைகளோடு எப்போதும் மியோ. இந்த வால்தான் பிழை. பயிற்சித்தாளில் உள்ள கோடிட்ட இடங்களை நிரப்ப இது உதவும். ஒரு பிரெஞ்சுக்காரரின் சாதாரணப் பேச்சை ஐந்து நிமிடம் கேட்டால் உடைந்துவிடும். இங்கே பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில், காதுக்குக் கூடியவரை நெருக்கமாகத் தந்திருக்கிறேன். போன், பியேன் இரண்டிலும் கடைசி ‘ன்’ நாக்கில் நிற்காமல் மூக்கில் கரையும். போனின் பெண்பால் வடிவமான ‘பொன்’னில் மட்டும் அது நம் ‘ன்’ போலவே தெளிவாக ஒலிக்கும்.

ஏத்ர் வினையிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் விதி மிகவும் உறுதியாகப் பேசுவது அங்கேதான். காய்ச்சலில் கிடந்தவர் இன்று தேறியிருக்கிறார் என்றால் ‘இல் ஏ மியோ ஒழூர்துய்’ என்பார்கள். அங்கே மெய்யர் போட்டால் பொருளே மாறிவிடும்: இன்று அவர் ஆட்டத்திலோ வேலையிலோ முன்பைவிடத் திறமையாக இருக்கிறார் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘செ’ என்று தொடங்கும் வாக்கியங்களில் இந்த இரட்டைநிலை இன்னும் தெளிவு. அடுப்பில் சூப் கொதிக்கிறது, கொஞ்சம் உப்பு சேர்த்துச் சுவைத்துப் பார்க்கிறார்கள். ருசி கூடியிருந்தால் ‘செ மெய்யர்’. அதே வீட்டில் மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டு, இப்போது இடம் வசதியாக இருக்கிறது என்றால் ‘செ மியோ’. வினை ஒன்றுதான், எழுவாயும் ஒன்றுதான். மாறியது அடியில் கிடக்கும் சொல். ஒப்பீட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள்: சூப்பைச் சுவைத்தவர் முதலில் ‘செ போன்’ என்றிருப்பார், மேசையைப் பார்த்தவர் ‘செ பியேன்’ என்றிருப்பார். போன் இருந்த இடத்தில் மெய்யர் வந்தது, பியேன் இருந்த இடத்தில் மியோ வந்தது. ஏத்ர் இதில் எதையும் தீர்மானிக்கவில்லை.

இது இப்படி அமைந்ததற்கு வரலாற்றில் காரணம் உண்டு. இரண்டு சொற்களும் லத்தீனின் ஒரே ஒப்பீட்டுச் சொல்லிலிருந்து பிறந்தவை. ‘மெலியோர்’ என்பது ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் உரிய வடிவம், அதன் செயப்படுபொருள் வடிவமான ‘மெலியோரெம்’ காலப்போக்கில் மெய்யர் ஆயிற்று. ‘மெலியுஸ்’ என்பது அதே சொல்லின் அலிப்பால் வடிவம். லத்தீனில் அதையே வினையடையாகவும் பயன்படுத்தினார்கள், அதுதான் மியோ ஆயிற்று. ஆகவே பெயர் சுட்ட முடியாத ஒரு நிலைமையை, ஏற்பாட்டை, ‘இப்படிச் செய்வது’ என்ற முழுச் செயலை மதிப்பிடும்போது மியோ வருவதை விதிவிலக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. நாளைக்கு வருவது மேல், பேசாமல் இருப்பது மேல் என்கிற வாக்கியங்களிலெல்லாம் ‘செ மியோ’ வருவது அந்தப் பழைய அலிப்பால் வடிவத்தின் இயல்புக்குப் பொருந்தியே நிற்கிறது.

அப்படியானால் சிக்கல் எங்கே இருக்கிறது? மெய்யர், மியோ என்ற இணையில் இல்லை, அதற்கு ஒரு படி முன்னால், போனா பியேனா என்று தேர்வதில் இருக்கிறது. தமிழ் பேசுபவருக்கு இது கூடுதலாக வழுக்கும் இடம். நல்ல, நன்றாக என்ற வேறுபாடு நம்மிடம் உண்டு, ஆனால் பயனிலையில் நாம் வினையடையைத்தான் போடுகிறோம். சாப்பாடு நன்றாக இருக்கிறது, படம் நன்றாக இருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது, இங்கே உட்கார நன்றாக இருக்கிறது. நான்குக்கும் ஒரே சொல். பிரெஞ்சு இவற்றைப் பிரிக்கிறது. சாப்பாட்டின் ருசிக்குப் போன்தான் வேண்டும்: ‘லா சூப் ஏ பொன்’. நன்றாக என்பதை அப்படியே பெயர்த்து ‘லா சூப் ஏ பியேன்’ என்றால், சூப்பின் ருசியைவிட்டு அது பரவாயில்லை என்று ஒப்புதல் தருவதுபோல ஒலிக்கும். உடம்புக்கும் உட்காரும் சுகத்துக்கும் பியேன்: ‘ழ சுய் பியேன் இசி’, நான் இங்கே வசதியாக இருக்கிறேன். படத்துக்கு இரண்டும் வரும், அதைப் பிறகு பார்ப்போம். அடிச்சொல்லில் தவறியவர் ஒப்பீட்டில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தவறான கிளையில்தான் ஏறுவார். ‘சூப் நேற்றைவிட நன்றாக இருக்கிறது’ என்பதற்கு மாணவர் மியோ போடுவதன் வேர் இதுதான். ஒப்பீட்டு அட்டவணையை அவருக்கு இன்னும் பத்துமுறை எழுதக் கொடுப்பதால் பயன் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். செ பியேன், இல் ஏ மியோ என்பவற்றில் பியேனும் மியோவும் வினையடையாக இருந்தபடியே பெயரடை வேலை பார்க்கின்றன, அவ்வளவுதான், விதியை அதற்கேற்பச் சற்று அகலப்படுத்தினால் போதாதா? போதாது, ஏனென்றால் எதிர்த்திசையிலும் சான்று இருக்கிறது. பூ மணக்கிறது என்பதற்குப் பிரெஞ்சில் ‘சான்தீர்’ என்ற வினையோடு போன் வரும். பூக்கள் பன்மையாக இருந்தாலும் அங்கே போன் பன்மை ஏற்காது, பெண்பாலாகவும் மாறாது. அதாவது இலக்கண வேலையில் அது வினையடை. விதிப்படி அதன் ஒப்பீடு மியோ ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இந்தப் பூ அதைவிட நன்றாக மணக்கிறது என்றால் ‘சான் மெய்யர்’தான். வெளியே இதமாக இருக்கிறது என்னும் ‘இல் ஃபே போன்’ தொடரும் ‘இல் ஃபே மெய்யர்’ என்றே ஆகிறது. இன்னொரு பக்கம், ‘அன் தீப் பியேன்’ என்றால் நல்ல மனிதர், மதிக்கத்தக்கவர். அங்கே பியேன் ஒரு பெயர்ச்சொல்லைச் சிறப்பிக்கிறது, முழுப் பெயரடை. ஆனாலும் அதன் ஒப்பீடு மியோ. போன் வினையடையாக வேலை செய்தாலும் மெய்யர், பியேன் பெயரடையாக வேலை செய்தாலும் மியோ. இந்த இரண்டு சான்றுகளும் சேர்ந்து நிற்கும்போது, ஒப்பீட்டு வடிவத்தைச் சொல்லின் வகை தீர்மானிக்கிறது என்பது நிற்காது. சொல்லே தீர்மானிக்கிறது.

தொடக்க மாணவருக்கு எளிய விதி போதும், நுணுக்கம் பிறகு வரட்டும் என்பது அடுத்த மறுப்பு. நியாயமான கவலைதான். ஆனால் எளிய விதி தவறுவது எங்கோ அரிதான மூலையில் அல்ல. உடல்நலம் விசாரிப்பது, யோசனை சொல்வது, இடம் வசதியா என்று கேட்பது என முதல் ஆண்டிலேயே வாயில் வரும் வாக்கியங்களில் தவறுகிறது. அதற்கு மாற்றாக நான் சொல்லும் சோதனை அதைவிட எளிது. ‘விட’ என்பதை நீக்கிவிட்டு வாக்கியத்தைச் சொல்லுங்கள், வருவது போனா பியேனா என்று பாருங்கள். இலக்கணப் பெயர் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பிரெஞ்சுக்காரர்களே இரண்டையும் கலக்கிறார்களே என்று கேட்பவரும் உண்டு. படத்தைப் பற்றிப் பேசும்போது சிலர் மெய்யர் என்கிறார்கள், சிலர் மியோ என்கிறார்கள். அது கலப்பு அல்ல, அடியில் இரண்டு வாக்கியங்களும் செல்லும் என்பதன் விளைவு. ‘அன் போன் ஃபில்ம்’ என்றும் சொல்லலாம், ‘அன் ஃபில்ம் பியேன்’ என்றும் சொல்லலாம். முதலாவது படத்தின் தரத்தைப் பேசுகிறது, இரண்டாவது பேச்சுவழக்கில் எனக்குப் பிடித்தது என்கிற தொனி. ஆளைப் பற்றிப் பேசும்போது இந்த இடைவெளி அகலமாகிறது. ஒரு பெண் தன் தங்கையைவிட ‘மெய்யர்’ என்றால் எதில் திறமை என்று கேட்கத் தோன்றும். ‘மியோ’ என்றால் தோற்றத்தையோ குணத்தையோ ஒட்டுமொத்தமாக எடைபோட்ட பேச்சு. இரண்டும் இலக்கணப்படி சரி என்பதாலேயே பிழை கண்ணில் படாமல் தப்பிவிடும். எவரும் திருத்தமாட்டார், ஆனால் சொல்ல நினைத்தது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு.

‘ப்ளூ போன்’ என்பது எங்குமே வரக்கூடாது என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ‘அதைவிட நல்ல’ என்ற பொருளில் அது பிழைதான், மெய்யரே வேண்டும். ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் மெய்யருக்கு முன்னாலும் மியோவுக்கு முன்னாலும் ப்ளூ சேர்ப்பதும் பிழைதான். ஆனால் ஏறக்குறைய நல்லது என்னும் ‘ப்ளூ-ஸூ-முவேன் போன்’ தொடரில் போன் மாறாது. ஒயின் எவ்வளவு நல்லதோ அவ்வளவு விலை என்பது போன்ற வாக்கியங்களில் ப்ளூ முதலில் வந்து தள்ளி நிற்கும், போன் தன் இடத்தில் அப்படியே இருக்கும். மிகவும் கவனிக்க வேண்டியது பால் கெட்டுப்போன கதை. பால் இனி நல்லதில்லை என்பதற்கு ‘ல லே நே ப்ளூ போன்’ என்பார்கள், இங்கே ப்ளூ ‘இனி இல்லை’ என்ற பொருளில் நிற்கிறது. பேச்சில் எதிர்மறைக்குரிய ‘ந’ உதிர்ந்துவிடுவது வழக்கம், அப்போது ‘ஏ ப்ளூ போன்’ என்றுதான் காதில் விழும். அதைப் பிழையென்று நினைத்து மனதுக்குள் மெய்யராகத் திருத்திக்கொள்பவர், கெட்ட பாலை மேலான பால் என்று புரிந்துகொள்வார்.

மிக உயர்ந்த நிலையைச் சொல்லும் வடிவத்துக்கு வருவோம். மெய்யருக்கு முன்னால் ல, லா, லே பெயர்ச்சொல்லுக்கு ஏற்ப மாறும். எழுத்திலும் மெய்யர் பால், எண் ஏற்கும், காதில் மட்டும் நான்கு வடிவமும் ஒன்றே. அதனால் எழுதும்போதுதான் பிழை தெரியவரும். வினையோடு வரும் மியோவுக்கு முன் ‘ல’ மாறாது: எல்லோரையும்விட நன்றாகப் பாடுகிறவள் பெண்ணாக இருந்தாலும் ‘ல மியோ’தான், அவளையே மிகச் சிறந்த பாடகி என்றால் ‘லா மெய்யர் ஷான்தோஸ்’. இந்த இரண்டையும் படித்து முடித்தவர் அடுத்து சறுக்குவது ‘மிக அதிகச் சம்பளம் பெறும் ஊழியர்கள்’ போன்ற தொடரில். பெயர்ச்சொல் முன்னால் நிற்கிறது, பன்மை தெரிகிறது, ஆகவே மெய்யர் என்று கை தானாகப் போகும். சோதனையைப் போட்டுப் பாருங்கள். நல்ல சம்பளம் பெறுபவர் ‘பியேன் பெய்யே’, அவரை ‘போன் பெய்யே’ என்று எவரும் சொல்வதில்லை. ஆகவே ‘லே மியோ பெய்யே’. ஊழியர்களைப் பன்மையில் காட்டும் வேலையை முன்னால் உள்ள ‘லே’யும் பின்னால் உள்ள ‘பெய்யே’யின் எழுத்தும் பார்த்துக்கொள்ளும், நடுவில் மியோ மாறாமல் நிற்கும்.