குரலைக் கொடுக்க முன்

வெள்ளவத்தையில் என்னிடம் வாசிப்புப் பழக வரும் பிள்ளைகள் இப்போது மூச்சுக் கட்டுவதைப் பற்றிக் கேட்பதில்லை. தங்கள் குரலைக் கணினியில் நகலெடுத்துப் புத்தகம் வாசிக்க வைப்பது எப்படி என்றுதான் கேட்கிறார்கள். செய்யுங்கள். ஆனால் இவற்றைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

1. பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். ElevenLabs போன்ற இடங்களில் ஒன்றிரண்டு நிமிடப் பதிவிலேயே ஒரு நகல் கிடைக்கும். நீண்ட வாசிப்புக்கு அது போதாது. குறைந்தது அரை மணி நேரம் வேண்டும், இரண்டு மூன்று மணி நேரமென்றால் இன்னும் நல்லது. உங்கள் குரலோடு ஃபேன் இரைச்சலையும் இயந்திரம் படித்துவிடும், பிறகு ஒவ்வொரு வரியிலும் அது கேட்கும். பத்து விநாடி பேசாமல் பதிந்து ஹெட்போனில் கேளுங்கள். கடற்கரை ரயிலோ காலி வீதி ஓட்டோவோ கேட்டால் இரவு பதினொன்றுக்குப் பிறகு பதியுங்கள்.

2. நகலின் உச்சரிப்பைக் காதால் சோதியுங்கள். கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவரின் நகல் 'காற்று', 'வெற்றி' என்ற சொற்களைச் சென்னைக்காரர் போலச் சொன்னது. நம்முடைய 'ற்ற'வில் ரகரம் ஒலிக்காது. இயந்திரம் கேட்டு வளர்ந்த தமிழில் பெரும்பகுதி இந்தியத் தமிழ். இத்தகைய சொற்கள் நிறைந்த ஒரு பக்கத்தை அவரை மறுபடி பதியச் சொன்னேன். ஓரளவு திருந்தியது. மிச்சத்தை அவரே வாயால் வாசித்து ஒட்டினார். இயந்திரம் வாசிக்க வேண்டிய பக்கத்தில் ஆண்டுகளையும் இலக்கத்தில் கொடுக்காமல் எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

3. அடுத்தவர் குரலைக் கேளாமல் தொடாதீர்கள், இறந்தவர் குரலானாலும் சரி. 2024இல் 'லால் சலாம்' பாட்டுக்கு ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் இயந்திரத்தால் வரவழைத்தார். குடும்பங்களிடம் அனுமதி பெற்று, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி.யின் குரலை அப்படிப் பயன்படுத்தியபோது குடும்பத்தைக் கேட்கவில்லை என்று எஸ்.பி. சரண் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினார்.

4. உங்கள் குரலை ஒருவருக்குக் கொடுப்பதானால் எழுதி வாங்குங்கள். எந்தப் புத்தகம், எந்த மொழி, எத்தனை வருடம், விளம்பரத்துக்கும் அரசியலுக்கும் உண்டா இல்லையா, முடிந்ததும் நகலை அழிப்பது யார் என்று ஒவ்வொன்றாக இருக்கட்டும். 'எல்லாப் பயன்பாட்டுக்கும்' என்ற ஒற்றை வரியில் நானே ஒருமுறை கையெழுத்து வைத்தேன். நான் வாசிக்காத விளம்பரத்தில் என் குரலைக் கேட்டு மனுசி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூலப் பதிவு உங்களிடமே இருக்கட்டும்.

5. உங்கள் குரல் வெளியே உலாவத் தொடங்கினால் அதில் யாரும் காசு கேட்கலாம். ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்கு "அவசரம், காசு அனுப்பு" என்று வட்ஸ்அப்பில் உங்கள் குரலே போகும். காதால் பிடிபடும் என்று நம்ப வேண்டாம், தொலைபேசியில் நல்ல நகலும் நிஜமும் ஒன்றுபோலவே கேட்கும். வீட்டுக்குள் ஒரு இரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் வராவிட்டால் வைத்துவிட்டு, தெரிந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே அக்காவிடம் கதையுங்கள்.