மென்பொருள் வாங்கும் முன்மொழிவு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோவையில் பம்ப் தயாரிக்கும் நடுத்தர ஆலை ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கணக்கு டேலியில் இருக்கிறது, ஸ்டோர் இருப்பு எக்செல்லில் இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போவதே இல்லை. அலுத்துப்போன மேலாளர், 20 பேர் பயன்படுத்தும் இணையவழி ஈ.ஆர்.பி. மென்பொருளை வாங்க ஒரு பிசினஸ் கேஸ் எழுதுகிறார். ஐந்தாண்டுச் செலவு 18 லட்சம், பலன் 55 லட்சம் என்கிறது அது. எந்த எம்.டி.யும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஆனால் அதே தாளை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தால், இந்த ஆலைக்கு 9 லட்சம் நஷ்டம் என்று வருகிறது. அந்தத் தாளில் இருந்தவை பொய்க்கணக்குகள் அல்ல. பலரும் உண்மை என்று நம்பும் நான்கு விஷயங்கள்தான்.

நம்பிக்கை 1: கொட்டேஷனில் இருப்பதுதான் செலவு

ஒருவருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் 20 பேருக்கு ஆண்டுக்கு 3.6 லட்சம், ஐந்தாண்டுக்கு 18 லட்சம். இதோடு மேலாளர் நிறுத்திக்கொண்டார். இது சந்தா மட்டுமே.

மென்பொருளை நிறுவி, பழைய டேட்டாவை மாற்றி, பயிற்சி கொடுக்க 9 லட்சம். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் சப்போர்ட்டுக்கு 5 லட்சம். பார்கோடு ஸ்கேனர்களுக்கும் ஸ்டோருக்குள் வைஃபைக்கும் 1.6 லட்சம். எல்லாரும் மறக்கும் ஒன்று சொந்த ஊழியர்களின் நேரம். மாதம் 40,000 சம்பளம் வாங்கும் இருவர் ஆறு மாதம் பாதி நேரத்தை இதற்கே செலவிட்டால் 2.4 லட்சம். மொத்தம் 36 லட்சம். சந்தாவைப் போல சரியாக இரு மடங்கு!

ஊழியர் நேரம் எங்கே போகிறது என்பதை எக்செல்லைத் திறந்தாலே பார்க்கலாம். ஒரு பேரிங் "BRG 6204" என்று ஓரிடத்திலும் "6204 Bearing" என்று இன்னோரிடத்திலும் இருக்கிறது. இரண்டும் ஒரே பொருள்தான், சேர்த்துவிடலாம். மூன்றாவது வரியில் இருக்கும் "6204 ZZ" வேறு. அது இருபுறமும் தகட்டு மூடி உள்ள பேரிங். எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பது வெளியிலிருந்து வரும் மென்பொருள்காரருக்குத் தெரியாது, ஸ்டோர்கீப்பருக்குத்தான் தெரியும். ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு அவர் இப்படி உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தை இந்த ஆலை செலவாகக் காட்ட வேண்டியதில்லை, உள்ளீட்டு வரிக் கழிவாக எடுத்துக்கொள்ளலாம். வரிவிலக்குப் பெற்ற சேவையை மட்டுமே தரும் மருத்துவமனையோ பள்ளியோ அப்படிச் செய்ய முடியாது. அங்கே வரியும் செலவுதான்.

நம்பிக்கை 2: மிச்சமாகும் நேரமெல்லாம் லாபம்

நான்கு ஊழியர்களுக்குத் தினம் இரண்டு மணி நேரம் மிச்சமாகும், ஆண்டுக்கு 3 லட்சம் என்று எழுதினார் மேலாளர். யாரையும் அவர் வேலையைவிட்டு அனுப்பப் போவதில்லை. ஆகவே சம்பளப் பட்டியலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. உண்மையில் நிற்கப்போவது மாதக் கடைசியில் இருப்பைச் சரிபார்க்கக் கொடுக்கும் ஓவர்டைம், ஆண்டுக்கு 1 லட்சம். பலனாக எழுத வேண்டியது அது மட்டும்தான். மற்ற நேரத்தைத் தொகை போடாமல் தனிக் குறிப்பாக வைக்கலாம்.

இதைவிடப் பெரிய பிழை இருப்பில் இருந்தது. ஸ்டோரில் 2 கோடி ரூபாய் சரக்கு நிற்கிறது. 15 சதவீதம் குறைத்தால் 30 லட்சம் லாபம் என்றது முன்மொழிவு. அது லாபமல்ல, ஆலையின் சொந்தப் பணம் ஒருமுறை சரக்கிலிருந்து வெளியே வருகிறது. அந்த அளவுக்குக் கேஷ் கிரெடிட் கடன் குறைந்தால், 10 சதவீத வட்டியில் ஆண்டுக்கு மிச்சம் 3 லட்சம். அதுதான் பலன்.

சரக்கு தீர்ந்தபின் அவசரமாக வாங்குவதால் ஆகும் கூடுதல் செலவில் ஆண்டுக்கு 2 லட்சம் குறையும் என்பதை மட்டும் அப்படியே ஏற்கலாம், கூரியர் பில்களே அதற்குச் சாட்சி. ஆக, ஆண்டுக்கு 6 லட்சம். மென்பொருள் பழக்கத்துக்கு வரும் முதல் ஆண்டில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்தால் ஐந்தாண்டில் 27 லட்சம். செலவோ 36 லட்சம்.

நம்பிக்கை 3: மூன்று கொட்டேஷன் வாங்கினால் மாற்று வழிகளை ஒப்பிட்டாயிற்று

மூன்று கடையில் ஒரே பொருளுக்கு விலை கேட்பது மாற்று வழி ஆகாது. பிரிட்டன் நிதியமைச்சகம் அரசுத் திட்டங்களை மதிப்பிட வகுத்துள்ள 'கிரீன் புக்' வழிகாட்டி, இப்போதுள்ள நிலையே தொடர்ந்தால் என்ன ஆகும், மிகக் குறைந்த மாற்றம் செய்தால் என்ன ஆகும் என்ற இரண்டையும் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறது.

நம் ஆலைக்கு அந்தக் குறைந்த மாற்றம் இதுதான்: எக்செல்லை விட்டுவிட்டு, ஏற்கெனவே உள்ள கணக்கு மென்பொருளிலேயே இருப்பையும் பராமரிப்பது, பொருள் பட்டியலைச் சுத்தம் செய்வது, பார்கோடு ஒட்டுவது. முதலில் 8 லட்சமும் பிறகு ஆண்டுக்கு 1 லட்சமும் சேர்த்து 13 லட்சம் ஆகும். பலன் ஈ.ஆர்.பி. அளவுக்கு வராது, ஆண்டுக்கு 3.5 லட்சம் வரும். முதல் ஆண்டுக்குப் பாதி என்று அதே முறையில் போட்டால் ஐந்தாண்டில் 15.75 லட்சம். நிகரமாக 2.75 லட்சம் மிஞ்சுகிறது.

பெரிய மிச்சமல்ல. செலவு 20 சதவீதம் கூடினாலே அது ஏறத்தாழ முழுவதும் கரைந்துவிடும். இந்த வரியையும் முன்மொழிவில் எழுத வேண்டும். ஈ.ஆர்.பி. கையைக் கடிக்காமலிருக்க ஆண்டுக்கு எவ்வளவு பலன் தேவை என்பதையும் எழுத வேண்டும்: 8 லட்சம். இரண்டாவது யூனிட் திறக்கும் திட்டம் இருந்தால் அது எட்டக்கூடியதே. இல்லாவிட்டால் இப்போதைக்குக் காத்திருக்கலாம்.

நம்பிக்கை 4: நம் வழக்கத்துக்கு ஏற்றபடி மென்பொருளை மாற்றிக்கொள்ளலாம்

மாற்றலாம். அதற்கான விலையை ஜெர்மனியின் லிடில் அங்காடிக் குழுமம் கொடுத்துப் பார்த்தது. 2011-இல் தொடங்கி எஸ்.ஏ.பி. மென்பொருளைக் கொண்டுவர முயன்று, ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவானதாகச் செய்திகள் வந்த நிலையில் 2018-இல் கைவிட்டது. சிக்கல்களில் ஒன்று மிக எளிமையானது. லிடில் தன் சரக்கை வாங்கிய விலையில் கணக்கு வைத்திருந்தது, மென்பொருளோ விற்கும் விலையை அடிப்படையாகக் கொண்டது. லிடில் தன் வழக்கத்தை விட்டுக்கொடுக்க மறுத்தது, மென்பொருளைத் திருத்தத் திருத்த வேலை சிக்கலாகிக்கொண்டே போனது.

எனவே கொட்டேஷன் வாங்கும் முன்பே, மென்பொருளை அப்படியே ஏற்றால் நம் நடைமுறைகளில் எவை மாற வேண்டும் என்று பட்டியல் போட வேண்டும். மாற மறுக்கும் ஒவ்வொன்றுக்கும் திருத்தச் செலவையும், ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் அதை மறுபடி சோதிக்கும் செலவையும் தனி வரியாகச் சேர்க்க வேண்டும்.

இப்படி ஒரு முன்மொழிவை எழுத உட்காருபவர்கள் முதலில் மென்பொருள் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டாம். கடந்த 12 மாத ஓவர்டைம் பதிவேடு, இருப்பு மதிப்பு, அவசரக் கொள்முதல் பில்கள் ஆகிய மூன்றையும் மேசைக்கு வரவழையுங்கள். ஒவ்வொரு பலனுக்கு எதிரேயும் அதைக் காட்டித்தர வேண்டிய துறைத் தலைவரின் கையெழுத்தை வாங்குங்கள். யாரும் கையெழுத்திட முன்வராத பலனை அடித்துவிட்டு, மிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள்.